காம்பஸ் 075 காட்டுகிறது, கப்பல் உண்மையில் எங்கே போகிறது?

சுக்கான் பிடித்திருப்பவர் காம்பஸைப் பார்த்து "075" என்கிறார், அதாவது வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலப்பக்கமாக எண்ணினால் 75 டிகிரி. அந்த எண்ணை அப்படியே எடுத்துக் கடல் வரைபடத்தில் கோடு போட்டால், கோடு ஓரிடத்திலும் கப்பல் வேறிடத்திலும் இருக்கும். வரைபடத்தின் கோடுகள் உண்மை வடக்கை, அதாவது பூமி சுழலும் அச்சின் வடமுனையை, வைத்து வரையப்பட்டவை. காம்பஸ் ஊசிக்கு அந்த முனையைத் தெரியாது. அது தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலம் இழுக்கும் பக்கம் திரும்பும்.

அந்த இழுப்பில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று பூமியுடையது. பூமியின் காந்தப்புலம் உண்மை வடக்கிலிருந்து சற்றே விலகி நிற்கிறது. இந்த விலகல் கோணம்தான் வேரியேஷன். இது இடத்துக்கு இடம் மாறும், ஆனால் ஒரே இடத்தில் நிற்கும் எல்லாக் கப்பலுக்கும் ஒன்றுதான். மற்றொன்று உங்கள் கப்பலுடையது. கப்பலின் இரும்பு, இன்ஜின், மின்கம்பிகள் எல்லாம் ஊசியை இன்னும் கொஞ்சம் திருப்பும். இதுதான் டீவியேஷன். இது கப்பல் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். காரணம் எளிது: கப்பல் திரும்பும்போது அதன் இரும்பும் கூடவே திரும்புகிறது, ஊசியோ வடக்கே பார்த்தபடி நிற்கிறது. இதுவரை ஊசிக்கு வலப்பக்கம் இருந்த இன்ஜின் இப்போது இடப்பக்கம் வந்துவிடுகிறது. 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கடற்கரையை அளந்த மேத்யூ ஃப்ளிண்டர்ஸ் இதைக் கவனித்து ஆராய்ந்தார். காம்பஸ் அருகே பொருத்தும் திருத்த இரும்புத் தண்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சரி, 075-ஐ எடுத்துக்கொண்டு கணக்குக்குள் போவோம்.

படி 1: வேரியேஷனை இன்றைய தேதிக்குக் கொண்டுவாருங்கள்

வரைபடத்தில் வட்டமாக அச்சிட்ட திசைவட்டம் இருக்கும். நீங்கள் இருக்கும் இடத்துக்கு மிக அருகே உள்ளதைப் பாருங்கள். நடுவில் இப்படி ஏதாவது எழுதியிருக்கும்:

```
6°30'W 2016 (10'E)
```

2016-இல் வேரியேஷன் 6 டிகிரி 30 நிமிடம் மேற்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒவ்வோர் ஆண்டும் அது நகரும் அளவு, 10 நிமிடம் கிழக்கே. நீங்கள் 2025-இல் பயணம் செய்கிறீர்கள் என்றால் 9 ஆண்டுக்கு 90 நிமிடம், அதாவது 1 டிகிரி 30 நிமிடம். மேற்கே இருந்தது கிழக்கே நகர்வதால் குறைகிறது: இப்போது 5 டிகிரி மேற்கு. பழைய வரைபடத்தில் இந்தப் படியை விட்டுவிட்டால் பிழை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

படி 2: டீவியேஷனை அட்டையில் பாருங்கள்

காம்பஸ் அருகே ஒரு அட்டை இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பகுதி:

| கப்பல் முகம் (காம்பஸ்படி) | டீவியேஷன் |
|---|---|
| 045 | 2 கிழக்கு |
| 075 | 4 கிழக்கு |
| 120 | 3 கிழக்கு |
| 160 | 0 |

075-க்கு 4 டிகிரி கிழக்கு.

படி 3: வரிசையாகத் திருத்துங்கள்

காம்பஸிலிருந்து உண்மைத் திசைக்குப் போகும்போது கிழக்கைக் கூட்ட வேண்டும், மேற்கைக் கழிக்க வேண்டும். ஏன் என்று ஒருமுறை மனதில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. ஊசி கிழக்கே சாய்ந்தால், எண்ணத் தொடங்கும் பூஜ்யமே கிழக்கே நகர்ந்துவிடுகிறது. அங்கிருந்து எண்ணினால் எல்லாத் திசையும் குறைவான எண்ணாகத்தான் வரும். குறைந்ததைக் கூட்டிச் சரிசெய்கிறோம். மேற்குக்கு இது தலைகீழ்.

```
காம்பஸ்        075
டீவியேஷன்     +4 (கிழக்கு)
காந்தத் திசை   079
வேரியேஷன்     -5 (மேற்கு)
உண்மைத் திசை  074
```

இங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிட்டன, மிச்சம் ஒரே டிகிரி. இதைப் பார்த்து "பெரிய வித்தியாசமில்லையே" என்று நினைத்துவிடாதீர்கள். வேரியேஷனைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தால் 084 வந்திருக்கும். 10 டிகிரி பிழையில் 12 கடல் மைல் போனால் ஏறக்குறைய 2 மைல் விலகிப் போயிருப்பீர்கள்.

படி 4: திரும்பிப் போகும் கணக்கு

நடைமுறையில் அடிக்கடி தேவைப்படுவது இதுதான். வரைபடத்தில் உண்மைத் திசை 120 என்று கோடு போட்டாயிற்று; சுக்கான் பிடிப்பவரிடம் என்ன எண் சொல்வது? கூட்டல் கழித்தல் எல்லாம் தலைகீழாகும். மேற்கு 5-ஐக் கூட்டினால் காந்தத் திசை 125. இனி டீவியேஷன் வேண்டும், ஆனால் அட்டையோ காம்பஸ் எண்ணைக் கேட்கிறது. அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்! 125-க்கு அருகே உள்ள 120-ஐ எடுங்கள்: 3 கிழக்கு. கழித்தால் 122. இப்போது 122-ஐ வைத்து மறுபடி அட்டையைப் பாருங்கள்; அதே 3 வந்தால் முடிந்தது. டீவியேஷன் வேகமாக மாறும் அட்டையில் இன்னொரு சுற்று தேவைப்படும்.

எல்லோரும் வழுக்கும் இடம்

கப்பல் 075-இல் போகிறது. கப்பலின் காம்பஸ் வழியாக ஒரு கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிறீர்கள், 160 என்று வருகிறது. அட்டையில் 160-ஐத் தேடிப் பூஜ்யம் என்று எடுத்தால் தவறு. விளக்கம் எந்தப் பக்கம் இருந்தாலும் இரும்பு கப்பலோடுதான் இருக்கிறது. கப்பல் முகம் 075, ஆகவே டீவியேஷன் 4 கிழக்குதான். சரியான விடை 160 + 4 - 5 = 159. தவறான வழியில் 155 வரும். விளக்கம் 5 மைல் தூரத்தில் இருந்தால், உங்கள் கோடு மூன்றில் ஒரு பங்கு மைலுக்கு மேல் தள்ளிப் போய்விடும். பாறை இருக்கும் கடலில் அது போதும்.

கையில் பிடித்துப் பார்க்கும் காம்பஸுக்கு இந்த அட்டை பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அட்டை, பொருத்திய காம்பஸுக்கும் அது இருக்கும் இடத்துக்கும் மட்டும் உரியது.

அட்டை இன்னும் உண்மை சொல்கிறதா?

துறைமுக வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு வழிகாட்டித் தூண்கள் இருந்தால் வாய்ப்பை விடாதீர்கள். இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி நேராக அவற்றை நோக்கிப் போங்கள். வரைபடத்தில் அந்தக் கோட்டின் உண்மைத் திசை 040 என்றால், காந்தத் திசை 045. காம்பஸ் 043 காட்டினால் டீவியேஷன் 2 கிழக்கு, அட்டையோடு ஒத்துப்போகிறது.

ஒருமுறை நான் இப்படிப் பார்த்தபோது 049 வந்தது. அதாவது 4 மேற்கு. அட்டைக்கும் எனக்கும் 6 டிகிரி சண்டை. கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் காம்பஸ் கிண்ணத்தை ஒட்டி வைத்திருந்த கைபேசி கண்ணில் பட்டது. எடுத்ததும் வட்டத்தட்டு மெதுவாக நகர்ந்து 043-இல் நின்றது. அருகே எதுவும் இல்லாமலே இப்படி வித்தியாசம் வந்தால், புதிதாக ஏதோ பொருத்தியிருக்கிறார்கள், வெல்டிங் செய்திருக்கிறார்கள், அல்லது மின்னல் தாக்கியிருக்கிறது. அட்டையைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

ஜிபிஎஸ் காட்டும் பயணத் திசையை வைத்து டீவியேஷன் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும்போது, கப்பலின் முகம் ஒரு பக்கமும் அது நகரும் திசை வேறு பக்கமும் இருக்கும். காம்பஸுக்குத் தெரிவது முகம் மட்டுமே. ஜிபிஎஸ் சொல்வது நகரும் திசையை.