லேத்தில் கடையும் ஷாஃப்ட்டை ஃப்ரீகேட்டில் வரைவது: படி, காடி, சாம்பர்

கடைசல் ஜாப் எதுவானாலும் அச்சை ஒட்டி வெட்டிப் பார்த்தால் தெரியும் பாதி வடிவம்தான் அதன் முழு விவரமும். அந்தப் பாதியை வரைந்து அச்சைச் சுற்றிச் சுழற்றினால் ஜாப் வந்துவிடும். ஆனால் எல்லாக் கோடுகளையும் ஒரே ஸ்கெட்சில் திணித்துவிடக் கூடாது. லேத்தில் எந்த டூல் எதை வெட்டுகிறதோ அதன்படி ஸ்கெட்சைப் பிரிக்க வேண்டும். வெளிவிட்டத்தைக் கடையும் டூல் போகும் பாதை ஒரு ஸ்கெட்ச். காடி ஒவ்வொன்றும் தனி ஸ்கெட்ச். ஏன் என்பது கடைசியில் புரோகிராம் எழுதும்போது தெரியும்.

6204 பேரிங் உட்காரும் சிறிய ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த பேரிங்கின் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. ஷாஃப்ட்டின் மொத்த நீளம் 80. வலது முனையில் 20 விட்டத்தில் பேரிங் இருக்கை, நடுவில் 28 விட்டத்தில் காலர், இடதுபுறம் 22 விட்டம். பேரிங் ஒரு பக்கம் காலரின் படியில் சாய்ந்து நிற்கும். மறுபக்கம் சர்க்லிப் அதைப் பிடிக்கும். இருக்கையை கிரைண்டிங்கில் முடிக்கப் போகிறோம்.

முதல் ஸ்கெட்ச்: படிகளும் சாம்பரும்

`Part Design`-இல் `Create Body`, பிறகு `Create Sketch`, தளம் `XZ_Plane`. ஸ்கெட்சின் கிடைக்கோடுதான் லேத்தின் Z அச்சு. ஷாஃப்ட்டின் வலது முனையை ஆதிப்புள்ளியில் வைத்து, ஜாப்பை இடதுபக்கமாக வளர விடுங்கள். டர்னர் ஜாப்பின் முகத்தில்தான் Z0 எடுப்பார். நீங்களும் அங்கேயே தொடங்கினால் ஸ்கெட்சில் உள்ள நீளம் அப்படியே புரோகிராமுக்குப் போகும்.

`Polyline` கொண்டு இந்தப் புள்ளிகள் வழியே மூடிய உருவமாக வரையுங்கள். முதல் எண் நீளவாக்கில், இரண்டாவது ஆரம்:

```
0,0     0,9     -1,10   -19,10
-19,13  -20,14  -43,14  -44,13
-44,11  -79,11  -80,10  -80,0
```

கடைசிப் புள்ளியிலிருந்து அச்சின் மேலேயே ஆதிப்புள்ளிக்குத் திரும்பி மூடுங்கள். முதலில் கைக்கு வந்தபடி வரைந்து, பிறகு அளவு கொடுத்தால் போதும். எல்லா அளவும் சரியாகக் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாக மாறும்.

பட்டறை டிராயிங்கில் எழுதுவது விட்டம். ஸ்கெட்ச் கேட்பதோ அச்சிலிருந்து தூரம், அதாவது ஆரம். மனத்தில் பாதியாக்கிப் போடப்போய் 28-க்கு 28 என்றே போட்டுவிடுவது சகஜம். அளவுப் பெட்டியில் `=` அழுத்தி `28 mm / 2` என்று எழுதுங்கள். பல மாதம் கழித்துத் திறந்தாலும் விட்டம் கண்ணுக்குத் தெரியும்.

சாம்பர் 1 மி.மீ., 45 பாகை. காலரின் படியில் மட்டும் இந்த அளவை யோசிக்காமல் மாற்றாதீர்கள். 6204 பேரிங் முழுதாகச் சாய, படியின் தட்டையான முகம் குறைந்தது 25.6 விட்டம் வரை எட்ட வேண்டும். காலர் 28, சாம்பர் 1 என்றால் முகம் 26 வரை இருக்கும், சற்றே தப்பிக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறதென்று 1.5 ஆக்கினால் முகம் 25-இல் முடிந்துவிடும்.

ஸ்கெட்சை மூடி `Revolution` அழுத்துங்கள். `Axis` பெட்டியில் `Vertical sketch axis` இருந்தால் ஷாஃப்ட்டுக்குப் பதில் 160 விட்டத்தில் தோசைக்கல் போல ஒரு வட்டு வரும். `Horizontal sketch axis` என்று மாற்றுங்கள்.

காடிகள்

சர்க்லிப் காடியிலிருந்து தொடங்குவோம். 20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கான DIN 471 சர்க்லிப்பின் தடிமன் 1.2, காடியின் அகலம் 1.3, அடிவிட்டம் 19. காடி எங்கே என்பதுதான் முக்கியம். சர்க்லிப் தாங்குவது காடியின் வெளிப்புறச் சுவரில், அதாவது ஷாஃப்ட் முனையை நோக்கிய சுவரில். எனவே படியிலிருந்து அந்தச் சுவர் வரை பேரிங் 14, சர்க்லிப் 1.2, இடைவெளி 0.1, ஆக 15.3.

இந்த அளவைப் படியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நான் ஒருமுறை முனையிலிருந்து 3.7 என்று கொடுத்துவிட்டேன். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பட்டறையில் முனை முகத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்தபோது படி சரியான இடத்தில் நிற்க, காடி மட்டும் உள்ளே நகர்ந்துவிட்டது. பேரிங்கை ஏற்றிவிட்டு இடுக்கியால் சர்க்லிப்பை விரித்து நழுவ விட்டால், ஒரு பக்கம் காடியில் இறங்கியது, மறுபக்கம் உதட்டின் மேலேயே நின்றது. பத்தில் இரண்டு பங்கு மி.மீ. குறைவு. பன்னிரண்டு ஷாஃப்ட்டும் திரும்ப லேத்துக்குப் போயின.

அதே `XZ_Plane`-இல் புது ஸ்கெட்ச். மரப்பட்டியலில் முதல் ஸ்கெட்சைக் கண்ணுக்குத் தெரிய வைத்து, `External geometry` பொத்தானால் படியின் செங்குத்துக் கோட்டைத் தொடுங்கள். இனி அதிலிருந்து அளவு எடுக்கலாம். ஒரு செவ்வகம் வரைந்து, வலது ஓரம் படியிலிருந்து 15.3, அகலம் 1.3, கீழ் ஓரம் `19 mm / 2`, மேல் ஓரம் 11 எனக் கொடுங்கள். மேல் ஓரத்தைச் சரியாக ஆரம் 10-இல் நிறுத்தாமல் உலோகத்துக்கு வெளியே நீட்டுவது நல்லது. பிறகு இருக்கை விட்டம் சற்று ஏறினாலும் காடியின் மேல் மெல்லிய தோல் மிஞ்சாது. பிறகு `Groove`; அச்சு இங்கும் `Horizontal sketch axis`.

அடுத்தது படியை ஒட்டிய அண்டர்கட்: அகலம் 2, அடிவிட்டம் 19.4. கிரைண்டிங் வீலின் முனை எப்போதும் கொஞ்சம் உருண்டு தேய்ந்திருக்கும். படியின் மூலை வரை சுத்தமாக எட்டாது. இந்தக் காடி வீலுக்கு வெளியேற இடம் தருகிறது. இதற்கு வேறு டூல், எனவே வேறு ஸ்கெட்ச். செவ்வகத்தின் இடது ஓரம் படியின் கோட்டிலேயே படியட்டும்.

புரோகிராமோடு ஒப்பிட்டால்

வலது பக்கத்துக்கான `G71` சுழற்சியின் பாதை இது:

```
N10 G0 X18.
G1 Z0 F0.1
X20.3 Z-1.15
Z-19.
X26.
X28. Z-20.
N20 Z-43.
```

முதல் ஸ்கெட்சின் புள்ளிகள்தாம், ஆரம் விட்டமாகியிருக்கிறது. இருக்கையில் மட்டும் கிரைண்டிங்குக்காக 0.3 கூடுதல். அதற்கேற்ப சாம்பர் கோட்டை 1.15 வரை நீட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால் கிரைண்டிங் முடிந்தபின் சாம்பர் 1-க்குக் குறைந்துவிடும். மாடலில் இந்தக் கூடுதல் வேண்டாம். அது முடிந்த ஜாப்பைக் காட்டட்டும். இருக்கையின் `k6` டாலரன்ஸும் டிராயிங்கில் இருந்தால் போதும்.

இந்தப் பாதையில் X ஏறிக்கொண்டே போகிறது, எங்கும் இறங்கவில்லை. சாதாரண `G71` கேட்பதும் இதைத்தான். காடியையும் முதல் ஸ்கெட்சிலேயே வரைந்திருந்தால், அதிலிருந்து எடுக்கும் பாதை X20-இலிருந்து X19-க்கு இறங்கி மறுபடி ஏறும். கன்ட்ரோல் அலாரம் அடிக்கும், அல்லது சாதாரண டர்னிங் டூல் 1.3 அகலக் காடிக்குள் நுழையப் பார்க்கும். தனித்தனி ஸ்கெட்சாக இருந்தால் `Revolution`-ஐ மட்டும் வைத்துப் பாதை எடுக்கலாம்.

டிராயிங்குக்கு அனுப்பும் முன், படியிலிருந்து காடியின் வெளிச்சுவருக்கு `Measure` கருவியால் ஒருமுறை அளந்து பாருங்கள். பிறகு முதல் ஸ்கெட்சில் 19 என்ற நீளத்தை 18.7 ஆக்கி மறுபடி அளங்கள். 15.3 அசையாமல் இருந்தால் காடி படியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. 15.0 ஆகிவிட்டால் அளவு எங்கோ முனையிலிருந்து போயிருக்கிறது.