பார்சல் வரவில்லை என்று கோபமாக மெயில் வந்தால் பதில் எழுதுவது எப்படி?

ஆன்லைனில் சின்னதாகக் கடை நடத்துபவர்களுக்கு வரும் புகார் மெயில்களில் அடிக்கடி வருவது "என் பார்சல் எங்கே?" என்பதுதான். இதற்குப் பலரும் அனுப்பும் பதில், "தாமதத்திற்கு வருந்துகிறோம், விரைவில் வந்து சேரும்" என்ற இரண்டு வரி. அதைப் படிக்கும் வாடிக்கையாளருக்குப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. அடுத்த மெயில் இன்னும் சூடாக வரும், இல்லையென்றால் ஒற்றை ஸ்டார் ரிவ்யூவாக வரும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். பெயர், எண், தேதி எல்லாம் மாதிரிக்குத்தான். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் ஒரு புடவைக் கடை, வாடிக்கையாளர் திருநெல்வேலியில். ஜூன் 10, புதன்கிழமை காலையில் இப்படி ஒரு மெயில் வருகிறது:

> ஆர்டர் 2417. ஜூன் 2 அன்று சாஃப்ட் சில்க் புடவைக்குப் பணம் கட்டினேன். 8ஆம் தேதிக்குள் வரும் என்று போட்டிருந்தீர்கள். இரண்டு முறை வாட்ஸ்அப்பில் கேட்டும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு வளைகாப்பு. பிளவுஸ் தைக்க வேறு கொடுக்க வேண்டும். புடவை வருமா, வராதா?

முதல் படி: மெயிலை இரண்டு முறை படியுங்கள்

முதல் வாசிப்பில் கோபம் மட்டும்தான் தெரியும். இரண்டாம் வாசிப்பில் தகவலைத் தேடுங்கள். இந்த மெயிலில் புகார் ஒன்றல்ல, இரண்டு. புடவை வரவில்லை என்பது ஒன்று, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்பது இன்னொன்று. மன்னிப்பு இரண்டுக்கும் வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், நாம் மெயிலை முழுதாகப் படிக்கவே இல்லை என்று அவர் நினைப்பார்.

அடுத்து, உண்மையான கெடு எது என்று பாருங்கள். விசேஷம் ஞாயிறு என்பதால் சனிக்கிழமை சேர்ந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் புடவையோடு வரும் பிளவுஸ் துணியை வெட்டித் தைக்க டெய்லருக்கு நாள் வேண்டும், ஃபால்ஸ் அடிக்க வேண்டும். வியாழன் கையில் கிடைத்தால்தான் ஞாயிறு கட்ட முடியும். சனிக்கிழமை போய்ச் சேரும் புடவையால் அவருக்குப் பயனில்லை. இது பிடிபடாவிட்டால் நாம் தரும் தீர்வே தவறாகிவிடும்.

இரண்டாம் படி: பார்சல் எங்கே இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்

இது முடியும்வரை ஒரு வரிகூட எழுதாதீர்கள். டிராக்கிங் பக்கத்தைத் திறந்து மேலே உள்ள கடைசி வரியை மட்டும் பார்க்காமல், கீழே முதல் வரியிலிருந்து படியுங்கள். நம் உதாரணத்தில் லேபிள் அச்சானது 3ஆம் தேதி. கூரியர்காரர் பார்சலை எடுத்தது 5ஆம் தேதி மாலை. அதாவது பேக்கிங் முடியாமல் அது கடையிலேயே இரண்டு நாள் கிடந்திருக்கிறது. 7ஆம் தேதி மதுரை ஹப்பில் ஸ்கேன் ஆனபின் `In Transit` என்றே நிற்கிறது, மூன்று நாளாக அடுத்த ஸ்கேன் இல்லை.

இதே பக்கத்தை வாடிக்கையாளரும் பார்த்திருப்பார் என்பதை மறக்காதீர்கள். "3ஆம் தேதியே அனுப்பிவிட்டோம், கூரியர்தான் தாமதம்" என்று எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பிறகு கூரியருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். பார்சல் இப்போது எந்த ஹப்பில் இருக்கிறது? கடைசியாக எப்போது ஸ்கேன் ஆனது? திருநெல்வேலிக்கு அடுத்த வண்டி எப்போது? நேரத்தோடு பதில் வந்தால் நம்பலாம். "24 முதல் 48 மணி நேரத்தில் அப்டேட் ஆகும்" என்று சொன்னால், அந்த பார்சல் விசேஷத்துக்கு வராது என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அந்த 48 மணி நேரத்தை அப்படியே வாடிக்கையாளருக்குத் தள்ளிவிடுவதுதான் பலரும் செய்வது. அது கூரியரின் கையில் இருக்கும் வாக்குறுதி, பொய்த்தால் பழி உங்களுக்கு.

டிராக்கிங்கில் `RTO` என்று வந்திருந்தால் கதை வேறு. பார்சல் உங்களிடமே திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது எப்போது வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாம் படி: தீர்வை முதலில் ஏற்பாடு செய்யுங்கள்

"ஏதாவது செய்கிறோம்" என்று எழுதிவிட்டுப் பிறகு யோசிப்பதைவிட, ஏற்பாட்டை முடித்துவிட்டு அதை எழுதுவது எளிது, வாசகங்களும் தானாகவே உறுதியாக வரும். அதே நிறத்தில் இன்னொரு புடவை இருக்கிறதா என்று ஸ்டாக்கைப் பாருங்கள். இருந்தால், சேலத்திலிருந்து இரவு கிளம்பும் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டால் மறுநாள் காலை திருநெல்வேலி. ஒரே ஒரு சிக்கல், பஸ் பார்சல் வீட்டுக்கு வராது, பார்சல் ஆபீஸில் போய் வாங்க வேண்டும். அதை மெயிலில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அதே புடவை இல்லையென்றால், கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொன்றை நீங்களாகத் தேர்ந்து அனுப்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று படம் அனுப்பிக் கேளுங்கள், கூடவே பணத்தைத் திருப்பித் தரும் வழியையும் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருவது பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 படி, சொன்ன நாளைத் தாண்டி வந்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற, யார் கையிலும் இல்லாத காரணத்தால் ஆன தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. வளைகாப்புப் புடவைக்கு 48 மணி நேரம் என்பதே ரொம்பத் தாமதம்தான். காலை வந்த மெயிலுக்கு மதியத்துக்குள் பதில் போக வேண்டும்.

நான்காம் படி: எழுதுங்கள்

வாடிக்கையாளர் தமிழில் எழுதியிருந்தால் தமிழிலேயே பதில். அவர் அனுப்பிய மெயிலுக்கே ரிப்ளை கொடுங்கள், புதிதாகத் தொடங்கினால் முந்தைய பேச்சு தொலைந்துபோகும். வரிசையும் முக்கியம். அவர் கேட்ட "வருமா, வராதா?" என்பதற்கான பதில் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். பலர் மூன்று பத்தி மன்னிப்புக்குப் பிறகு கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். போனில் அவசரமாகத் திறந்து பார்ப்பவர் அதுவரை படிக்க மாட்டார்.

> வணக்கம் கவிதா மேடம்,
>
> உங்கள் புடவை நாளை (ஜூன் 11, வியாழன்) காலை திருநெல்வேலியில் கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். 8ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டியது வராததற்கும், நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டும் பதில் சொல்லாமல் விட்டதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> நடந்தது இதுதான். உங்கள் ஆர்டரை நாங்கள் பேக் செய்து கொடுத்ததே 5ஆம் தேதி மாலைதான், அதில் இரண்டு நாள் போனது எங்கள் தவறு. அதன் பிறகு பார்சல் 7ஆம் தேதியிலிருந்து மதுரையில் நிற்கிறது. அது எப்போது கிளம்பும் என்று கூரியரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனவே அதை நம்பிக் காத்திருக்கப் போவதில்லை.
>
> அதே நிறத்தில் இன்னொரு புடவையை பேக் செய்துவிட்டோம். இன்று இரவு 9.30 மணி பஸ்ஸில் அனுப்புகிறோம். பஸ் பார்சல் என்பதால் ஆபீஸில் போய் வாங்க வேண்டியிருக்கும், அந்தச் சிரமத்துக்கும் வருந்துகிறேன். ரசீது எண், ஆபீஸ் முகவரி, போன் எண் மூன்றையும் இரவு 10 மணிக்குள் உங்களுக்கு அனுப்புவேன். பார்சல் செலவு எங்களுடையது. நீங்கள் ஏற்கெனவே கட்டிய டெலிவரி கட்டணம் 80 ரூபாயையும் இன்று திருப்பி அனுப்பிவிட்டோம்.
>
> புடவை இனி வேண்டாம் என்றால் இன்று மாலை 7 மணிக்குள் "வேண்டாம்" என்று ஒரு வரி போடுங்கள், பஸ்ஸில் போடாமல் நிறுத்திவிட்டு 2,350 ரூபாயையும் திருப்பி அனுப்பிவிடுகிறோம். 7 மணிக்குப் பிறகு முடிவு செய்தாலும் பரவாயில்லை, புடவையை எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தருவோம்.
>
> பழைய பார்சல் பின்னால் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுங்கள், அதற்கு நீங்கள் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.
>
> செல்வி, கடை உரிமையாளர்
> (என் நேரடி எண் கீழே. இரவு 10 மணி வரை எடுப்பேன்.)

இதில் "மன்னிப்பு" ஒரே இடத்தில்தான் வருகிறது, ஆனால் எதற்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறது. "ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்ற வாசகத்தைத் தொடவே வேண்டாம். அவர் அசௌகரியத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், நாம் "இருந்தால்" என்கிறோம்!

காரணம் நான்கு வாக்கியத்தோடு நின்றுவிட்டதையும் பாருங்கள். ஆள் லீவு, கல்யாண சீசன், கரண்ட் கட் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். படிப்பவருக்கு அது சாக்காகத்தான் தெரியும்.

அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடி கூப்பனும் இதில் இல்லை. இந்த ஆர்டரே வந்து சேராதவரிடம் அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேசுவது எரிகிற தீயில் எண்ணெய்தான். டெலிவரி கட்டணத்தைத் திருப்பித் தருவது சிறிய தொகைதான், ஆனால் அது நடந்த தவறோடு சம்பந்தப்பட்டது.

ஐந்தாம் படி: சொன்ன நேரத்துக்கு மறுபடி எழுதுங்கள்

இரவு 10 மணி என்று எழுதியிருந்தால் 9.50க்கு ரசீதின் படத்தோடு மெயில் போக வேண்டும், வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல். ஒருவேளை பஸ்ஸில் இடமில்லை, பார்சலை எடுக்கவில்லை என்றாலும் அதே நேரத்துக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அவர் உள்ளூர்க் கடையிலாவது வேறு புடவை எடுக்க முடியும்.

பணம் திருப்பியிருந்தால் "அனுப்பிவிட்டோம்" என்பதோடு விடாமல் பரிவர்த்தனை எண்ணையும் கொடுங்கள். யுபிஐ என்றால் யுடிஆர் எண், கார்டு என்றால் ஏஆர்என் எண். பணம் கணக்கில் ஏற சில வேலை நாட்கள் ஆகலாம். அதுவரை இந்த எண்ணை வைத்து அவர் தன் வங்கியிலேயே கேட்டுக்கொள்ள முடியும்.

இன்னொரு சூழ்நிலையையும் சொல்லிவிடுகிறேன். சில நேரம் தவறு வாடிக்கையாளருடையதாக இருக்கும், பின்கோடு ஒரு எண் மாறியிருக்கும். அப்போது "நீங்கள் தவறாகக் கொடுத்ததால்" என்று தொடங்காதீர்கள், அதற்காக இல்லாத தவறை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். "ஆர்டரில் பின்கோடு 627002 என்று பதிவாகியிருக்கிறது, உங்கள் தெருவுக்கு 627007 சரியா? உறுதி செய்தால் இன்றே கூரியரிடம் மாற்றிவிடுகிறேன்" என்று எழுதினால் போதும். யார் தவறு என்பது அவருக்கே புரிந்துவிடும்.

வியாழன் காலை 11 மணிக்கு "கையில் கிடைத்ததா?" என்று ஒரு வரி கேளுங்கள். கிடைத்தது என்று பதில் வந்தபின் ஆர்டர் 2417ஐ முடிந்த கணக்கில் சேருங்கள். பிறகு 3ஆம் தேதி லேபிள் அச்சாகி 5ஆம் தேதிவரை பேக் ஆகாமல் கிடந்த மற்ற ஆர்டர்கள் எவை என்று பட்டியலைப் பாருங்கள். அவர்களிடமிருந்து மெயில் வருவதற்கு முன் நீங்களே எழுதிவிடலாம்.