வில்லா, கோயிங் டுவா?

ஆங்கிலத்தில் இனி நடக்கப்போவதைச் சொல்ல 'வில்' போடுவதா, 'கோயிங் டு' போடுவதா என்று கோடிட்ட இடத்தை நிரப்பும் முன், முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். போன் அடித்ததும் "நான் எடுக்கிறேன்" என்பவர் அந்த நொடியில்தான் முடிவெடுக்கிறார். அதனால் 'ஐ வில் ஆன்சர் இட்'. (தமிழ் 'எடுக்கிறேன்' நிகழ்காலமாக இருப்பதால்தான் பலர் 'ஐ ஆம் ஆன்சரிங்' என்று எழுதிச் சறுக்குகிறார்கள்.) முன்பே மனதில் நினைத்து வைத்தது என்றால் 'கோயிங் டு'. நேரம் குறித்து, இன்னொருவரிடமும் பேசியாயிற்று என்றால் 'ஐ ஆம் மீட்டிங் ஹெர் அட் ஃபைவ்'. இங்கே 'கோயிங் டு' போட்டாலும் தப்பில்லை.

யாரும் முடிவெடுக்காத விஷயங்களுக்கு இது உதவாது. மேகம் கறுத்துக் கண்ணெதிரே தெரிந்தால் 'இட் இஸ் கோயிங் டு ரெய்ன்'. வெறும் ஊகமென்றால் 'ஐ திங்க் இட் வில் ரெய்ன்'. 'இட் இஸ் ரெய்னிங் டுமாரோ' மட்டும் கூடவே கூடாது, மழையோடு யாரும் நேரம் பேசி வைப்பதில்லை.