மலைப்பாதைப் பயணத்தில் இயர்பட்ஸை மதிப்பிடும்போது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வாரக்கணக்கில் பேருந்தில் சென்று வந்து இயர்பட்ஸைப் பற்றி எழுதுபவர்கள், மலையேறி முடிந்த உடனே ஒலியின் தரத்தைக் குறித்துவிடக் கூடாது. ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறுவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து காது அடைத்துக்கொள்வதால், நல்ல இயர்பட்ஸிலும் பாட்டு மந்தமாகவே கேட்கும். எச்சிலை விழுங்கியோ கொட்டாவி விட்டோ அடைப்பு நீங்கிய பிறகு, அதே பாட்டை அதே ஒலியளவில் கேட்டால், குறை காதிலா கருவியிலா என்பது தெரிந்துவிடும். அப்போதும் பேஸ் மெலிந்தே ஒலித்தால், பெரும்பாலும் சிலிகான் முனை காதில் சரியாகப் பொருந்தியிருக்காது. வேறு அளவு முனையை மாட்டிப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

அழைப்பின் தெளிவை அணிந்திருப்பவர் தாமாக அறிய முடியாது. பர்லியாறு வளைவுகளில் ஜன்னலைத் திறந்து ஒரு முறையும் மூடி ஒரு முறையும் வீட்டாரிடம் பேசி, அவர்கள் பக்கம் அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்திருந்தபோது மட்டும் சொற்களின் தொடக்கம் விழுங்கப்பட்டிருந்தால், காற்றிரைச்சலை வடிகட்டும் முயற்சியில் கருவி குரலையும் சேர்த்து வெட்டுகிறது. (நம் ஓட்டுநர்களின் ஹாரனை எந்தக் கருவியும் முழுதாக வடிகட்டாது, அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.)

மார்கழிக் குளிரில் லித்தியம் பேட்டரி சற்று முன்னதாகவே தீர்ந்துபோகும் என்பதால், பேட்டரி நேரத்தோடு மாதத்தையும் ஒலியளவையும் குறிப்பிடுங்கள்.