கண்ணுக்குக் கீழே சாம்பல் பூசின மாதிரி

வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போது மேக்கப் நன்றாக இருக்கும். கொள்ளுப்பிட்டியில் இறங்கி ஃபோன் கேமராவில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே சாம்பல் பூசின மாதிரி இருக்கும், சிரிக்கிற கோடுகளில் கன்சீலர் திரண்டு நிற்கும். கருவளையத்தை மறைக்க என் நிறத்தைவிட இரண்டு ஷேட் வெளிறியதைத் தடித்துப் பூசியதுதான் பிழை. நீலமும் பழுப்புமான கருமைமேல் வெளிர்நிறம் போட்டால் சாம்பலாகத்தான் தெரியும்.

இப்போது முதலில் ஆரஞ்சு கரெக்டர், அரிசியளவு மட்டும். அது நீலத்தை அடக்கிவிடும். என்னைப் போன்ற மாநிறத்துக்கு ஆரஞ்சு சரி. வெளிர்நிறக்காரருக்கு அது துருத்திக்கொண்டு தெரியும், பீச் போதும். கருமை உள்ள இடத்தில் மட்டும் மோதிர விரலால் ஒற்றி, ஒரு நிமிடம் விட்டு, என் நிறத்திலேயே உள்ள திரவக் கன்சீலரை மெல்லியதாக அதன்மேல் ஒற்றுவேன். தேய்த்தால் கீழே உள்ள ஆரஞ்சும் சேர்ந்து வந்துவிடும்.

பருத்தழும்புக்கு இந்தத் திரவம் நிற்காது, கொழும்புப் புழுக்கத்தில் வழுக்கிவிடும். அதற்குக் கெட்டியான கிரீம் கன்சீலரைச் சின்னப் பிரஷ்ஷால் புள்ளியாக வைத்து, ஓரத்தை மட்டும் கலைத்து, மேலே பவுடர். கண்ணுக்குக் கீழே பவுடர் மிகச் சொற்பம். கூடினால் மறுபடி கோடு விழும்.