ஆப் போனாலும் பணம் போகும்

போன வருடம் உடற்பயிற்சி ஆப் ஒன்றில் மாதம் 199 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பத்து நாளில் அலுத்துப்போய் அழித்துவிட்டேன். அடுத்த மாதமும் 199 போனது. சரி, ஆப்பை மறுபடி இறக்கி, உள்ளே இருந்த கணக்கையே மூடினேன். அதற்கடுத்த மாதமும் போனது!

காரணம் எளிது. ஆப்பை அழித்தால் போனில் இடம் காலியாகும், அவ்வளவுதான். கணக்கை மூடினால் அந்த நிறுவனத்திடம் உள்ள நம் விவரங்கள்தான் போகும். ஆனால் மாதாமாதம் பணம் எடுத்தது அந்த நிறுவனம் இல்லை, கூகுள் பிளே. அதனிடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே!

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். Payments & subscriptions, அதற்குள் Subscriptions. ஆப்பைத் தேர்ந்தெடுத்து Cancel subscription கொடுங்கள். நடுவில் காரணம் கேட்கும். கடைசிவரை போய் உறுதிசெய்யாவிட்டால் ரத்தாகாது. ரத்தானால் மின்னஞ்சல் வரும், ஏற்கெனவே கட்டிய பணத்துக்கான காலம் முடியும்வரை சேவையும் இருக்கும்.

பட்டியலே காலியா? போனில் வேறு ஜிமெயில் இருந்தால் அதற்கு மாறிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கட்டியிருப்பீர்கள். அங்கேதான் ரத்து செய்யவேண்டும். யூபிஐ வழியாகக் கட்டியிருந்தால், யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.