மாத நடுவில் சந்தாவை உயர்த்தினால் கட்டணம் எப்படிக் கணக்காகிறது?

மாதம் 300 கட்டும் திட்டத்தில் இருக்கிறீர்கள். நடுவில் 600 திட்டத்துக்கு மாறுகிறீர்கள். வந்து நிற்கும் தொகை 600-ம் இல்லை, 300-ம் இல்லை, 120! இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

1. ஒரு பில்லிலிருந்து அடுத்த பில் வரையிலான சுழற்சியின் தேதிகளைப் பாருங்கள். முதலில் தவறு நடப்பது இங்கேதான். பில் மாதம் 1-ஆம் தேதிதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் நீங்கள் சந்தா சேர்ந்த நாளில் தொடங்கும். ஏப்ரல் 5-இல் சேர்ந்திருந்தால் அடுத்த பில் மே 5. நடுவே மொத்தம் 30 நாள்.

2. மீதி நாளை எண்ணுங்கள். ஏப்ரல் 23 காலையில் மாறினால் 18 நாள் முடிந்துவிட்டது. 23 முதல் மே 4 வரை, இரண்டு தேதிகளும் சேர்த்து, மீதி 12 நாள்.

3. பழைய திட்டத்தின் வரவு. 300-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 10. பணம் கட்டியும் இனி பயன்படுத்தப் போகாத 12 நாளுக்கு 120 உங்களுக்கு வரவு.

4. புதிய திட்டத்தின் கட்டணம். நாளுக்கு 20, அதே 12 நாளுக்கு 240. இதில் வரவு 120 போக, கட்ட வேண்டியது 120.

```
(600 - 300) * 12 / 30 = 120
```

பில்லில் பெரும்பாலும் இந்த ஒற்றை எண் இருக்காது. கழித்தல் குறியோடு ஒரு வரி, கூட்டலாக ஒரு வரி என இரண்டாக வரும். அந்தக் கழித்தல் வரிதான் உங்கள் வரவு. அது இல்லாமல் 240 மட்டும் இருந்தால் உடனே கேளுங்கள், அந்த 12 நாளுக்கு இருமுறை கட்டுகிறீர்கள்.

சரி, இந்த 120-ஐ எப்போது எடுப்பார்கள்? சில சேவைகள் மாறிய அன்றே எடுத்துவிடும். வேறு சில அடுத்த பில்லில் சேர்க்கும். அப்போது மே 5-இல் 600-க்குப் பதில் 720 வரும். பலரும் பதறுவது இந்தப் பில்லைப் பார்த்துத்தான். ஜூன் மாதத்தில் அது 600-க்குத் திரும்பிவிடும்.

உங்கள் கணக்கும் பில்லும் சற்றே விலகினால், நேரத்தைப் பாருங்கள். ஸ்ட்ரைப் போன்ற பில்லிங் அமைப்புகள் நாளாக எண்ணாமல் நொடிவரை கணக்கிடும். 23-ஆம் தேதி மாலையில் மாறினால் மீதி 12 நாளைவிடக் குறைவு, தொகையும் அதற்கேற்பக் குறையும். 31 நாள் சுழற்சியில் வகுக்க வேண்டியதும் 31-ஆல்தான்.

தள்ளுபடியில் சேர்ந்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 300 திட்டத்துக்கு 240 மட்டும் கட்டியிருந்தால், நாளுக்கு 8 வீதம் வரவு 96 என்பதே நியாயமான கணக்கு. தள்ளுபடி புதிய திட்டத்துக்குத் தொடராவிட்டால் கட்ட வேண்டியது 144 ஆகும். அப்புறம், மாதச் சந்தாவிலிருந்து ஆண்டுச் சந்தாவுக்கு மாறுபவர்களுக்கு மேலே உள்ள சூத்திரம் பொருந்தாது. அங்கே வழக்கமாக மாறிய நாளிலேயே புதிய சுழற்சி தொடங்கும். முழு ஆண்டுக் கட்டணத்தில் பழைய வரவு மட்டும் கழியும்.